தோள் வலியோடு உடற்பயிற்சி: அழுத்தும் பயிற்சிகளுக்கு மாற்று என்ன?

நமது பகுதி இளைஞர்களும் நடுத்தர வயதுச் சகோதரர்களும் ஜிம்முக்குச் செல்வது அதிகமாகியிருக்கிறது. அதோடு ஒரு புகாரும் அடிக்கடி நம் காதுக்கு வருகிறது. "பெஞ்ச் பிரஸ் போட்டால் தோளின் முன்பக்கம் பிடிக்கிறது, கையைத் தலைக்கு மேல் தூக்கினால் பாதி வழியில் சுருக்கென்று வலிக்கிறது" என்கிறார்கள். சிலர் வலியைப் பொறுத்துக்கொண்டு அதே பயிற்சியைத் தொடர்கிறார்கள். சிலர் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. எந்தப் பயிற்சியை எடுத்துவிட்டு எதை வைப்பது என்று தெரிந்தால், வலி ஆறும் காலத்திலும் மேலுடலுக்கு வேலை கொடுக்கலாம். அதைத்தான் இங்கே விளக்குகிறோம்.

தோளுக்குள் நடப்பது என்ன?

தோள் மூட்டின் மேலே கூரைபோல ஓர் எலும்பு முனை இருக்கிறது. அதன் பெயர் அக்ரோமியான். தோளின் உச்சியை விரலால் தடவினால் கையில் படும் கெட்டியான எலும்பு அதுதான். அந்தக் கூரைக்கும் கீழே உள்ள மேற்கை எலும்பின் உருண்டைத் தலைக்கும் இடையில் குறுகிய ஓர் இடைவெளி உண்டு. கையைத் தூக்க உதவும் ஒரு தசைநாணும், உராய்வைக் குறைக்கும் மெல்லிய திரவப் பையும் அந்த இடைவெளிக்குள் இருக்கின்றன. கையை உயர்த்தும்போது இந்த இடைவெளி சுருங்கும். நல்ல நிலையில் உள்ள தோளில் இதனால் தொல்லை இல்லை. தசைநாண் எரிச்சலுற்று வீங்கியிருந்தால், அல்லது தாங்கும் சக்திக்கு மேல் வேலை பார்த்திருந்தால், அந்த இடத்தில் வலி எழுகிறது. இதைத்தான் இம்பிஞ்ச்மென்ட் என்கிறார்கள்.

அமெரிக்க எலும்பு மருத்துவர் சார்லஸ் நீர் 1972-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் பரவியது. மேலுள்ள எலும்பு தசைநாணில் உரசுவதுதான் காரணம் என்று கருதி, அந்த எலும்பைச் சீவிவிடும் அறுவை சிகிச்சை பல ஆண்டுகள் பரவலாகச் செய்யப்பட்டது. பிரிட்டனிலும் பின்லாந்திலும் நடந்த இரு ஆய்வுகள் 2018-ல் வெளியாயின. எலும்பைச் சீவியவர்களையும், உள்ளே கருவி விட்டுப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டவர்களையும் அவை ஒப்பிட்டன. சீவியவர்களுக்குச் சொல்லும்படியான கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆகவே இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது அளவோடு பளு கொடுத்துத் தசைநாணையும் சுற்றியுள்ள தசைகளையும் பலப்படுத்துவதுதான். பயிற்சியை அடியோடு நிறுத்தினால் அந்தப் பலம் வராது.

இது அந்த வலிதானா?

நேராக நின்று, கட்டைவிரல் மேலே பார்க்க, கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்துங்கள். தொடக்கத்தில் வலி இல்லாமல், ஏறக்குறைய 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரையுள்ள பகுதியில் வலித்து, அதைத் தாண்டியதும் குறைந்தால், அது இந்த வகை வலிக்கு உரிய அடையாளம். மேல் கையின் வெளிப்புறத்தில் வலி தெரிவதும், அந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் இரவில் வலி கூடுவதும் வழக்கம்.

சில நிலைகளில் இந்தக் கட்டுரையை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கீழே விழுந்த பிறகு கையைத் தூக்கவே முடியாமல் போனால் தசைநாண் கிழிந்திருக்கலாம். மற்றவர் பிடித்துத் தூக்கினாலும் கை பாதியில் நின்றுவிட்டால், முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து முன்கையை வெளியே திருப்ப முடியாவிட்டால், அது தோள் இறுகிப்போகும் வேறு நோயாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது கூடுதலாக வருகிறது. கழுத்திலிருந்து விரல் வரை மரத்துப்போனால் கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு தோள் வீங்கிச் சிவந்தாலும் காத்திருக்கக் கூடாது. நடக்கும்போதோ படியேறும்போதோ இடது தோளில் வலியும் நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள்

எந்த அழுத்தும் பயிற்சியானாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால், அது வலிக்கும் தோளுக்கு ஏற்றதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதல் கேள்வி: முழங்கை எங்கே போகிறது? பெஞ்ச் பிரஸ்ஸில் முழங்கை உடம்பிலிருந்து முழுவதும் விரிந்து, உடலின் மட்டத்துக்குக் கீழே இறங்கும்போது தோளின் முன்பகுதி அதிகம் இழுபடுகிறது. வலிப்பதாகச் சொல்லப்படுவதும் பெரும்பாலும் அந்தக் கடைசி இறக்கத்தில்தான். முழங்கை உடம்போடு ஏறக்குறைய 45 டிகிரியில் இருந்து, உடலைத் தாண்டிப் பின்னால் போகாமல் நின்றால் தோள் பொறுத்துக்கொள்ளும்.

இரண்டாவது கேள்வி: கை எந்த உயரத்துக்கு, எந்தத் திசையில் போகிறது? நேராகத் தலைக்கு மேல் தள்ளுவது வலிக்கும் பகுதியை முழுப் பளுவோடு கடக்கச் செய்கிறது. சாய்வாக முன்னோக்கி மேலே தள்ளினால் தோளுக்கு வேலை கிடைக்கும், நெருக்கடியோ குறையும். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடிப்பதும் உதவும். அப்போது மேற்கை எலும்பு சற்று வெளிப்புறமாகத் திரும்புகிறது. அதன் மேட்டுப்பகுதி கூரையெலும்பின் அடியில் எளிதாகக் கடந்துபோகிறது.

மூன்றாவது கேள்வி: தோள்பட்டை எலும்பு நகர முடிகிறதா? கையை முழுவதும் உயர்த்தும் 180 டிகிரியில், மூன்றில் ஒரு பங்கு முதுகின் மேல் உள்ள தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைப்பது. பெஞ்சில் படுத்து முதுகை அழுத்திக்கொள்ளும்போது அந்த எலும்பு அசைய இடமில்லை. தண்டால் எடுக்கும்போது முதுகில் எதுவும் அழுத்தாததால் அது தாராளமாக நகர்கிறது.

இந்தக் கேள்விகளைக் கேட்டால் எவற்றைத் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்பது தெளிவாகிவிடும். கழுத்துக்குப் பின்னால் பாரை இறக்கும் பிரஸ், இணைக்கம்பிகளில் செய்யும் டிப்ஸ், பாரை மோவாய் வரை இழுக்கும் அப்ரைட் ரோ, கட்டைவிரல் கீழே பார்க்கப் பக்கவாட்டில் டம்பெல் தூக்குவது ஆகியவை அவை. இவை எல்லாருக்கும் கெட்ட பயிற்சிகள் அல்ல. எரிச்சலுற்ற தோளுக்கு மட்டும் இப்போது பொருந்தாதவை.

மாற்றாக வைக்க மூன்று அழுத்தும் பயிற்சிகள்

தரையில் படுத்துச் செய்யும் டம்பெல் பிரஸ். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இரு கையிலும் டம்பெல்லை உள்ளங்கைகள் எதிரெதிரே பார்க்கும்படி பிடியுங்கள். கீழே இறக்கும்போது மேற்கை தரையைத் தொட்டதும் இறக்கம் தானே நின்றுவிடும். முழங்கை பின்னால் போகும் அபாயத்தைத் தரையே தடுத்துவிடுகிறது. தரையில் மோதி எம்பாமல், மெல்லத் தொட்டு ஒரு நொடி நின்று மேலே தள்ளுங்கள். பெஞ்ச் பிரஸ்ஸுக்கு நேரடி மாற்று இது.

மேசையிலோ சுவரிலோ கை ஊன்றும் தண்டால். கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, தோளுக்கு வரும் பளு அவ்வளவு குறையும். சுவரில் தொடங்கி, சமையல் மேடை உயரத்துக்கு வந்து, பிறகு உறுதியான நாற்காலி உயரத்துக்கு இறங்கலாம். இதில் ஒரு சிறிய சேர்க்கை உண்டு. கைகள் நேரானதும் நிறுத்திவிடாமல், மேல் முதுகு சற்று வளையும்படி இன்னும் ஓர் அங்குலம் தள்ளுங்கள். விலாவை ஒட்டியிருக்கும் ஒரு தசை அப்போது நன்றாக வேலை செய்கிறது. கை உயரும்போது தோள்பட்டை எலும்பை மேல்நோக்கிச் சுழற்றும் தசைகளில் அது முக்கியமானது. வீட்டிலேயே பயிற்சி செய்யும் சகோதரிகளுக்கும் பெரியவர்களுக்கும் இந்த ஒன்றே தொடக்கத்துக்குப் போதும்.

லேண்ட்மைன் பிரஸ். பார்பெல்லின் ஒரு முனையைப் பழைய துணி சுற்றி அறையின் மூலையில் ஊன்றி, மறுமுனையை ஒரு கையால் தோளருகே பிடியுங்கள். உடலைச் சற்று முன்னே சாய்த்து, முனையை முன்னோக்கி மேலே தள்ளுங்கள். கை நேர் மேலே போகாமல் சாய்வாகப் போகிறது. தோள்பட்டை எலும்பும் கட்டுப்படாமல் கூடவே நகர்கிறது. 20 கிலோ பாரை வெறுமனே தூக்கினாலும் தொடக்கத்தில் கையில் வருவது ஏறக்குறைய அதில் பாதிதான். முனை உயர உயர அதுவும் குறைகிறது. அதாவது வலிக்கும் உயரத்தில் பளு லேசாகிறது. தலைக்கு மேல் தள்ளும் பயிற்சிக்கு இதுதான் நல்ல இடைப்படி.

ஒரு நாள் முழுவதும் எப்படி அமையும்?

ஐந்து பயிற்சிகள் போதும். வாரம் இரு முறை, நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி விட்டுச் செய்யுங்கள்.

முதலில் ஐந்து நிமிடம் உடலைச் சூடேற்றி, முன்கைகளைச் சுவரில் வைத்து மேலே வழுக்கி ஏற்றும் அசைவை வலி இல்லாத உயரம் வரை 10 முறை செய்யுங்கள்.

1. ஒரு கையை பெஞ்சில் ஊன்றி, மறுகையால் டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது: 10 முதல் 12 முறை, 3 சுற்று.
2. தரையில் டம்பெல் பிரஸ்: 10 முதல் 12 முறை, 3 சுற்று.
3. லாட் புல்டவுன், உள்ளங்கைகள் எதிரெதிரே பார்க்கும் பிடியில், மார்பின் முன்பக்கமாக: 10 முறை, 3 சுற்று.
4. லேண்ட்மைன் பிரஸ், அல்லது மேசைத் தண்டால்: 8 முதல் 10 முறை, 3 சுற்று.
5. வலிக்காத பக்கம் சாய்ந்து படுத்து, மேல் கையின் முழங்கையை விலாவில் ஒட்டி, சிறிய டம்பெல்லை வெளிப்புறமாகத் திருப்பி உயர்த்துவது: 12 முதல் 15 முறை, 2 சுற்று.

இழுப்பதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தள்ளுவதற்கு முன் முதுகுத் தசைகள் சூடேறினால் தோள்பட்டை எலும்பைக் கட்டுக்குள் வைப்பது எளிதாகிறது. கடைசிப் பயிற்சிக்கு 1 அல்லது 2 கிலோ போதும். வீட்டில் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலே 1 கிலோ ஆகிவிடும். எடை கூட்டும் ஆசையில் முழங்கை விலாவை விட்டு விலகினால், வேலை வேறு தசைக்குப் போய்விட்டது என்று பொருள். அதைக் கடைசியில் வைத்ததற்கும் காரணம் இருக்கிறது: மூட்டை நிலையாக வைக்கும் சிறு தசைகளை முதலிலேயே களைப்படையச் செய்துவிட்டுப் பளு தூக்கக் கூடாது. கை மடக்கும் பயிற்சிகளை விருப்பம்போல் சேர்க்கலாம். பின்கைத் தசைக்குத் தலைக்குப் பின்னால் டம்பெல் இறக்குவதை விட்டுவிட்டு, கேபிளைக் கீழே தள்ளுவதை வையுங்கள்.

எவ்வளவு வலி வரை சரி?

வலியை 0 முதல் 10 வரை மனத்துக்குள் அளந்துகொள்ளுங்கள். பயிற்சியின்போது 3 வரை வலி வரலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். செய்யும்போது 4-க்கு மேல் போனால் அந்த இடத்திலேயே மாற்றம் செய்யுங்கள். முதலில் அசைவின் நீளத்தைக் குறையுங்கள், அது போதாவிட்டால் எடையைக் குறையுங்கள், அதுவும் போதாவிட்டால் வேறு பயிற்சிக்கு மாறுங்கள். ஜிம்மில் வலியே இல்லாமல் முடித்து, அன்றிரவு தூங்க முடியாமல் போனாலும் அன்று செய்தது அதிகம்தான். இந்தத் தசைநாண் பல சமயம் தாமதமாகத்தான் பதில் சொல்லும்.

ஓர் எடுத்துக்காட்டு

மளிகைக் கடை நடத்தும் 40 வயதுச் சகோதரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ பெஞ்ச் பிரஸ் செய்துவந்தவர். இரண்டு மாதமாகப் பார் மார்புக்கு இறங்கும்போது வலது தோளில் வலி 6 வரை போகிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் நடுப்பகுதியில் வலிக்கிறது. முழுமையாகத் தூக்க முடிகிறது, முன்கை வெளியே நன்றாகத் திரும்புகிறது, விழுந்த அடி எதுவும் இல்லை. ஆகவே மேலே சொன்ன திட்டத்தை முயலலாம்.

முதல் நாள் தரைப் பிரஸ்ஸில் கைக்கு 10 கிலோ எடுக்கிறார். வலி 2, மறுநாள் ஒன்றும் இல்லை. அது சரியான தொடக்கம். லேண்ட்மைனில் வெறும் பாரைத் தள்ளும்போது, கை நெற்றிக்கு மேலே போனதும் வலி 4 ஆகிறது. எனவே கண் மட்டத்தில் நிறுத்துகிறார். வலி 2-க்கு இறங்குகிறது. புல்டவுனில் கை முழுவதும் மேலே நீளும்போது இழுபடுகிறது. கைகள் முற்றிலும் நேராகும் முன் நிறுத்திக்கொள்கிறார். உடலையும் சற்றுப் பின்னே சாய்த்துக்கொள்கிறார்.

இரண்டு வாரத்தில் தரைப் பிரஸ்ஸின் மூன்று சுற்றிலும் 12 முறை வந்துவிடுகிறது. அடுத்த முறை 12.5 கிலோ. ஒரு பயிற்சி முழுவதும் குறித்த எண்ணிக்கையை எட்டி, வலியும் கூடாமல் இருந்தால்தான் அடுத்த எடைக்குப் போகிறார்.

நான்காம் வாரம் ஒரு நாள் காலையில் வலி 5. பயிற்சியில் எதையும் மாற்றவில்லை. யோசித்துப் பார்த்தால், முந்தின நாள் கடைக்குச் சரக்கு வந்து, மேல் அலமாரியில் இரண்டு மணி நேரம் பெட்டி அடுக்கியிருக்கிறார். தோளுக்கு ஜிம் வேறு, கடை வேறு என்ற கணக்கு இல்லை. எல்லாம் சேர்ந்ததுதான் அதன் பளு. அந்த வாரம் அழுத்தும் பயிற்சிகளில் ஒரு சுற்றைக் குறைத்து, எடையை ஒரு படி இறக்குகிறார். கனமான சரக்கை மார்பு மட்டத்துக்கு மாற்றி, மேலே அடுக்க வேண்டியிருந்தால் ஏணி போட்டு ஏறுகிறார். வலி ஒரு வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்புகிறது.

எட்டாவது வாரத்தில் வெறுங்கையைத் தூக்கும்போது நடுப்பகுதி வலி இல்லை. லேண்ட்மைனில் கை முழுவதும் நீட்டப்படுகிறது. இப்போதுதான் பெஞ்சைப் பற்றி யோசிக்கலாம். பழைய எடையில் பாதியான 25 கிலோவில் தொடங்குகிறார். பிடியைச் சற்றுக் குறுக்கி, முழங்கையை 45 டிகிரி அளவில் வைத்து, பாரை மார்பின் கீழ்ப்பகுதிக்கு இறக்குகிறார். வாரத்தில் இரு நாளில் ஒரு நாள் மட்டும் பெஞ்ச், மறுநாள் தரைப் பிரஸ். வாரத்துக்கு 2.5 கிலோவுக்கு மேல் கூட்டுவதில்லை.

எல்லாருக்கும் எட்டு வாரத்தில் இது நடக்கும் என்று சொல்ல முடியாது. தசைநாண் பலப்பட மூன்று மாதம் ஆவது சாதாரணம். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் வலி சிறிதும் குறையவில்லை என்றால், பிசியோதெரபிஸ்ட்டிடமோ எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள். பயிற்சி, எடை, வலியின் எண் ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதி வந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த அசைவில், எந்தப் பளுவில் வலி எழுகிறது என்பதை அவர் அதிலிருந்தே பார்த்துக்கொள்வார்.

வலி போன பிறகும் இழுக்கும் பயிற்சிகளையும், படுத்துச் செய்யும் அந்தச் சிறு பயிற்சியையும் விட்டுவிட வேண்டாம். பெஞ்ச் பிரஸ் ஒத்துவராமலே போனாலும் பெரிய இழப்பில்லை. தரைப் பிரஸ்ஸிலும் தண்டாலிலும் அதே மார்பும் கையும்தான் உழைக்கின்றன. போட்டிக்குப் போகாத ஒருவர் எடை தூக்கக் கட்டாயம் பெஞ்சில்தான் படுக்க வேண்டும் என்பதில்லை.